வண்டி எடுத்த இடம்

"அம்மணி, திறப்பு விழா பேனருக்கு ரோட்டுப் படம் ஒண்ணு வந்திருக்குதுங்க. அதுல நிக்கற வண்டியை எடுத்துப்போட்டு ரோட்டைச் சரி பண்ணிக் குடுத்துருங்க. சாயங்காலத்துக்குள்ள வேணுமாமா" என்றார் மோகன்குமார்.

மோகன்குமார் எங்கள் ஸ்டுடியோ முதலாளி. காந்திபுரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி. கல்யாண ஆல்பம், மோட்டார் பம்பு கேட்லாக், மனை விற்பவர்களின் விளம்பரம், எது வந்தாலும் செய்வோம். படத்திலிருந்து எதையாவது எடுக்கும் வேலை என்றால் என்னிடம்தான் வரும். கரண்டுக் கம்பி எடுப்பேன், குப்பைத்தொட்டி எடுப்பேன், மாப்பிள்ளைக்குப் பிடிக்காத சித்தப்பாவையும் எடுத்திருக்கிறேன். இதுவரை நான் எடுத்த வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நுழைய முடியாது.

ஃபைலைத் திறந்தேன். படத்தில் இருந்தது எங்கள் வீட்டு வாசல்.

குளத்தங்கரைக்கு ஏறும் இணைப்புச் சாலை அது. அகலப்படுத்திப் புதுத் தார் போட்டு முடித்திருந்தார்கள். இடது ஓரத்தில், நடைபாதை விளிம்புக் கல்லை ஒட்டி, ஒரு வெள்ளை ஆம்னி வேன் நின்றது. என் கணவர் சஹீருடைய வண்டி. "சஹீர் கிரைண்டர் சர்வீஸ்" என்று எழுதியிருந்தது வீட்டைப் பார்த்த பக்கத்தில். படம் எடுத்தவர் ரோட்டு நடுவில், வண்டிக்குப் பின்னால் நின்று எடுத்திருந்ததால் பெயர் தெரியவில்லை. மோகன்குமாருக்கு அது ஏதோ ஒரு ஆம்னி. கோயமுத்தூரில் வெள்ளை ஆம்னிக்கா பஞ்சம்?

அது எங்கள் வண்டி என்று நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. சஹீர் நோன்பு மாதத்தில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருப்பது தெரியும், கிள்ளினால் தெரியாது. அந்த மாதிரி. புருஷன் போனபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். "அழுதுரு அஃப்ஷீன், மனசு லேசாகும்" என்று சொல்ல வந்த உறவுக்காரப் பெண்களை நினைத்தால் மட்டும் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்த எரிச்சலும் டீ ஆறுவதற்குள் ஆறிவிடும்.

வேலையை ஆரம்பித்தேன்.

இப்போது எல்லா மென்பொருளிலும் தானே நிரப்பும் வசதி இருக்கிறது. வண்டியைச் சுற்றிக் கோடு இழுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி போய், ரோடு மாதிரி ஏதோ ஒன்று வரும். அந்த "மாதிரி"யில்தான் வம்பு. அழுத்திப் பார்த்தேன். விளிம்புக் கல்லின் கறுப்பு மஞ்சள் கட்டங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. ஓரக்கோடு நடுவில் நெளிந்தது. வண்டி போயிருந்தது, அதன் நிழல் மட்டும் ரோட்டில் கிடந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையாலேயே தொடங்கினேன்.

முதலில் கோடுகள். ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் போய்ச் சேருகிற புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் தெரிகிற ஓரக்கோட்டை அந்தப் புள்ளியை நோக்கி இழுத்தால் நடுவில் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். கோடு அகலமும் போகப் போகக் குறுக வேண்டும். வண்டியைத் தாண்டி ரோடு கரையை நோக்கி இடது பக்கம் வளைகிறது. அதனால் விட்டு விட்டு வரும் நடுக்கோட்டில் சில துண்டுகள் வண்டிக்குப் பின்னால் மறைந்திருந்தன. அங்கே நேர்கோட்டுக் கணக்கு உதவாது. வளைவுக்குத் தனியாக ஒரு கோடு வரைந்து, அதன்மேல் துண்டுகளை வைத்தேன். துண்டும் சிறுக்க வேண்டும், துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சிறுக்க வேண்டும். துண்டை மட்டும் சிறிதாக்கி இடைவெளியை மறந்தால் ரோடு எழுந்து நிற்பது போலிருக்கும்.

அப்புறம் விளிம்புக் கல். கறுப்பு, மஞ்சள், கறுப்பு, மஞ்சள். வண்டிக்கு இந்தப் பக்கம் கறுப்பில் முடிந்தது, அந்தப் பக்கம் கறுப்பில் தொடங்கியது. நடுவில் எத்தனை கட்டம் என்று குத்துமதிப்பாகப் போட்டால் இரண்டு கறுப்பு பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் உறுத்தும். கல்லின் மேல்முகத்தில் வெயிலும் ரோட்டைப் பார்த்த முகத்தில் அதைவிட மங்கலான வெளிச்சமும் வர வேண்டும். கல் ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய இருட்டும், கொஞ்சம் மண்ணும் வேண்டும். அது இல்லாவிட்டால் கல் மிதக்கும்.

கடைசியாகத் தார். தார் கறுப்பு என்பார்கள், கறுப்பே கிடையாது. காமிராவுக்குப் பக்கத்தில் ஜல்லி ஒவ்வொன்றாகத் தெரியும், தள்ளிப் போகப் போகப் பொடியாகிச் சாம்பலாகிவிடும். அதனால் முன்னால் இருக்கிற தாரை எடுத்துப் பின்னால் ஒட்டக் கூடாது. ஒரே தூரத்தில் வலது பக்கம் இருந்த தாரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இடது பக்கம் வைத்தேன். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே ஜல்லி திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும், ஆகவே இடம் மாற்றி மாற்றி எடுத்தேன். கோட்டுப் பெயின்டும் சுத்தமான வெள்ளையாக இருக்கக் கூடாது. ஓரம் கொஞ்சம் பிசிறடித்து, ஜல்லிக் குழிகளில் தார் எட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மற்ற படங்களில் வண்டிக்கு அடியில் உண்மையிலேயே ரோடு இருக்கும், அதைத்தான் நான் திரும்பக் கொண்டுவருவேன். இந்த வண்டிக்கு அடியில் ரோடு கிடையாது. தார் போட வந்தவர்கள் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். என் மாமியார் ஹபீபுன்னிசா முடியாது என்றுவிட்டார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்ட அவசரம், அவர்கள் வண்டியைச் சுற்றித் தார் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த பெயின்ட்காரர்கள் ஓரக்கோட்டை வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, வண்டிக்கு முன்னால் தொடங்கினார்கள். விளிம்புக் கல்லிலும் வண்டி மறைத்த கட்டங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாததற்குப் பெயின்ட் எதற்கு என்று நினைத்திருப்பார்கள், பாவம். ஆக, காண்ட்ராக்டர் போடாத ரோட்டை நான் போட்டேன். அவரைவிட நன்றாகவே போட்டேன்.

முடித்துவிட்டு மோகன்குமாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை முழுக்கப் பெரிதாக்கி, மூலைமூலையாகப் பார்த்தார்.

"அருமையா இருக்குதுங்க. இந்தக் கல்லு மட்டும் கெடக்குதே?"

விளிம்புக் கல்லுக்குப் பக்கத்தில், ரோட்டு ஓரத்தில், ஒரு கருங்கல் இருந்தது. உருண்டு திரண்ட கல், தலையில் பிடி மாட்டும் துளை.

"அது அங்கயே இருக்கறதுதானுங்க" என்றேன்.

"அப்ப இருக்கட்டும். எல்லாத்தையும் தொடச்சாலும் படம் பொய்யாட்டம் ஆயிரும்" என்று சொல்லிப் படத்தை அனுப்பிவிட்டார்.

அது ஒரு கிரைண்டர் குழவி. ஓட்டல்காரர் ஒருவரின் பெரிய கிரைண்டருக்குப் புதுக் குழவி மாட்டிவிட்டு, தேய்ந்துபோன பழையதைச் சஹீர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ரோடு ஏற்றம். வண்டியின் ஹேண்ட் பிரேக் எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. சரி பண்ணுங்கள் என்று சொன்னால், "கல்லு இருக்கறப்ப கவலை எதுக்கு?" என்பார். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பார். காலையில் வண்டி வேலைக்குப் போய்விடும், குழவி மட்டும் வாசலில் இருக்கும். சாயங்காலம் ஆம்னி வருகிற வரை அதன்மேல் கீரைக்காரம்மா உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்வார்.

என்னைப் பொறுத்தவரை வண்டி இல்லாத ரோடு என்றால் குழவி இருக்கிற ரோடு. வேறு யாராவது செய்திருந்தால் வண்டியோடு அதையும் எடுத்திருப்பார்கள். நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதோடு போகவில்லை. வண்டியின் நிழலில் இருட்டாகக் கிடந்த அந்தக் கல்லை வெளுப்பாக்கி, வெயிலில் வைத்து, அதற்கென்று ஒரு சின்ன நிழலும் போட்டிருந்தேன். எப்போது செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. கை செய்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆம்னி நின்ற இடத்திலேயே நின்றது. மாமி ஈரத் துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் துடைப்பார். வண்டியின் சாவி அவருடைய இடுப்பில்தான் இருக்கும். சஹீர் கடைசியாக நிறுத்தியபடியே வண்டி நிற்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சீட் சஹீர் தள்ளி வைத்த அளவில், கண்ணாடி அவர் திருப்பி வைத்த கோணத்தில், ஸ்பேனர் பை பக்கத்து சீட்டில்.

"வண்டியை யாரும் எடுக்கக் கூடாது" என்பார். விலைக்குக் கேட்டு வந்தவரிடம் சொன்னார், தார் போட வந்தவர்களிடம் சொன்னார், என்னிடமும் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"சாப்டீங்களா மாமி?"

"ம்."

அன்று அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒரே வீட்டில் அவர் மகனுக்காக ஒரு மூலையில், நான் புருஷனுக்காக ஒரு மூலையில். சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடத் தெம்பு வேண்டும்.

திறப்பு விழா முடிந்து சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஜீப் வந்து நின்றது. ரோட்டைப் பார்வையிட வந்த உதவிப் பொறியாளர் அக்ஷயா இறங்கினார். சின்ன வயசுப் பெண், கையில் ஒரு ஃபைல். கூடவே காண்ட்ராக்டர் திருமூர்த்தி. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. டூ வீலரில் போன ஒருவர் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் தார் விளிம்பு தட்டி வழுக்கி விழுந்து புகார் கொடுத்திருந்தாராம்.

அக்ஷயா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "அடியில தாரே இல்லையே சார்?"

"இருந்துச்சுங் மேடம்" என்றார் திருமூர்த்தி. "நாங்க முடிச்சுக் குடுத்தப்ப சுத்தமா இருந்துச்சுங்க. படமே இருக்குதுங்களே, நீங்களே பாருங்க. ரோடு முடிஞ்சதுக்கப்புறம் இவங்க தண்ணிக் கனெக்‌ஷனுக்குத் தோண்டிப்போட்டு, அது தெரியாம இருக்க வண்டியைக் கொண்டாந்து மேல நிறுத்திட்டாங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கையைக் கும்பிட்ட மாதிரி வைத்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. உண்மையச் சொல்லித்தானுங்களே ஆகோணும்" என்றார்.

பொய்யிலும் மரியாதை குறையாது எங்கள் ஊரில்.

அக்ஷயா ஃபைலிலிருந்து படத்தை எடுத்தார். பெரிதாகப் பிரிண்ட் போட்டிருந்தார்கள். விழா பேனருக்கு என்று சொல்லி வாங்கிய படம் வேலை முடித்த ஃபைலில் உட்கார்ந்திருந்தது. ஓரக்கோடு நேராக ஓடியது. கறுப்பு மஞ்சள் கட்டம் ஒன்றுகூடப் பிசகவில்லை. நல்ல வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கப்புறம்தான் அது என்ன சொல்கிறது என்று புரிந்தது.

"படத்துல ரோடு முழுசா இருக்கும்மா" என்றார் அக்ஷயா மாமியிடம். கடுமையாகப் பேசவில்லை. "ரோட்டை வெட்டினது, அதுமேல ஓடாத வண்டியை நிறுத்தினது, ரெண்டும் தப்பு. நாளைக்குக் காலையில கிரேன் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிரும். நீங்க ஆபீஸுக்கு வந்து விளக்கம் எழுதிக் குடுங்க."

"யாரு வெட்டுனது? இந்த வண்டி எம்பையன் நிறுத்துனதுங்க. அவன் மௌத்தானதுக்கு முன்னாடி நிறுத்துனது. அப்ப நீங்க ரோடே போடலைங்களே" என்றார் மாமி.

"படத்துல இல்லையேம்மா."

மாமி படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். எங்கள் வீட்டுக் கேட் தெரிந்தது, முருங்கை மரம் தெரிந்தது. அவருடைய விரல் மெதுவாக ஊர்ந்து வந்து ரோட்டு ஓரத்தில் நின்றது.

"இது நம்ம குழவிதானே?"

விரலை அந்தக் கல்லின்மேலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"குழவி இருக்கு. வண்டி எங்க?"

"அதைத்தானுங்களே நானும் சொல்றேன்" என்றார் திருமூர்த்தி. "வண்டி அப்ப இங்க இல்லீங்க."

மாமி அவரைப் பார்க்கவே இல்லை. படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கோபம் போய், ஒரு சந்தேகம் வந்தது. அது காண்ட்ராக்டர் மேல் வந்த சந்தேகம் இல்லை, தன்மேலேயே வந்தது. மகன் நிறுத்திய வண்டி ஒரு அங்குலம் நகராமல் காத்துவந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். தான் தூங்கியபோதோ தொழுதபோதோ யாரோ சாவி போட்டு, சீட்டில் உட்கார்ந்து, வண்டியை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களோ? குழவி தனியாக வெயிலில் கிடக்கிறது என்றால் வண்டி வெளியே போயிருக்கிறது. இந்த வீட்டில் அதற்கு அந்த ஒரு அர்த்தம்தான் உண்டு.

இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எடுத்தியா புள்ளே?"

இத்தனை மாதத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாளை கிரேன் வந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை என்று இருந்திருப்பேனோ என்னவோ, அப்போது நான் இருந்த நிலை அப்படி. ஆனால் அவர் தன் மகனுடைய வண்டி விஷயத்தில் தானே ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஆமா மாமி. நான்தான் எடுத்தேன்."

அவர் பிரிண்டைக் கீழே போட்டுவிட்டார்.

"ரோட்டுல இல்ல மாமி. படத்துல. வண்டி எங்கயும் போகல. ஒரு நாள்கூட நகரல. ஸ்டுடியோவுக்கு இந்தப் படம் வந்துச்சு, வண்டியை எடுக்கச் சொன்னாங்க. நான் எடுத்துட்டேன்."

திருமூர்த்தி இருமினார். அக்ஷயா கீழே கிடந்த பிரிண்டை எடுத்து என்னிடம் நீட்டி, "நீங்களா? எப்படி?" என்றார்.

காட்டினேன். ஓரக்கோட்டுக்கு உள்பக்கம் வெள்ளையாக ஒரு ஜல்லி, அதன் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு எண்ணெய்க் கறை. அதே ஜல்லியும் அதே கறையும் ரோட்டின் வலது பக்கத்திலும் இருந்தன. என்னதான் இடம் மாற்றி எடுத்தாலும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வோம், எனக்கு மட்டும் தெரியும் என்று விட்டிருந்தேன். "இது அங்கிருந்து எடுத்து இங்க வெச்சதுங்க. கோடு நான் போட்டது. இந்தக் கட்டமெல்லாம் நான் அடிச்ச பெயின்ட். வண்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, கல்லுல பெயின்டே இருக்காது."

அவர் சுற்றிப் போய்ப் பார்த்தார். வண்டி மறைத்த இடத்தில் விளிம்புக் கல் வெறும் சிமென்டாக இருந்தது. தண்ணிக் கனெக்‌ஷனுக்குத் தோண்டியவர்கள் பெயின்டையுமா சுரண்டுவார்கள்? திரும்பி வரும்போது அக்ஷயாவின் முகம் வேறாக இருந்தது.

மோகன்குமாருக்கு ஃபோன் போட்டேன். "ஏனுங் அம்மணி, உங்க ஊட்டு வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வேலையே வேண்டாம்னிருப்பேனுங்களே" என்றார். பிறகு மூலப்படத்தை அனுப்பினார். வண்டி நின்ற படம். சுற்றிலும் புதுத் தார், ஓரத்தில் விளிம்பு தூக்கிக்கொண்டு, கோடு பாதியில் நின்று.

அக்ஷயா அதைத் தன் ஃபோனுக்கு வாங்கிக்கொண்டார். திருமூர்த்தியிடம், "நாளைக்குக் காலையில உங்க ஆளுங்களோட இங்க இருக்கணும். இந்த இடத்தைப் போட்டு முடிக்காம இந்த ரோடு முடிஞ்சதா எழுத மாட்டேன். மத்ததை ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார்.

"செஞ்சர்லாமுங் மேடம்" என்றார் திருமூர்த்தி, அதே மரியாதையோடு.

"ஆனா அம்மா," என்று அக்ஷயா மாமியிடம் வந்தார், "தார் போடறதுக்கு வண்டியைக் கொஞ்சம் எடுத்துத்தான் ஆகணும். தார் ஆறினதும் உங்க வாசலுக்குள்ளயே கொண்டுவந்து நிறுத்திக்கோங்க."

மாமி உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் மகனுடைய வண்டியை உன் கையாலேயே துடைத்துப்போட்டாயே என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேட்டுக்கொண்டாவது இருந்திருப்பேன். மதியம் சோறு போட்டு என் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். அவர் சாப்பிடவில்லை.

காலையில் தார் வந்தது, ரோலர் வந்தது. ஆட்கள் ஆம்னியின் டயர்களுக்குக் காற்றடித்தார்கள். பேட்டரி எப்போதோ போயிருந்தது. "தள்ளீர்லாமுங்க, யாராவது ஏறி ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கோணும்" என்றார் மேஸ்திரி.

மாமி வெளியே வந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"ஒருக்கா எடுத்தவதானே. நீயே எடு."

கோபமாகச் சொன்னாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சாவி அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

கதவைத் திறந்து ஏறினேன். இந்த வண்டியில்தான் சஹீர் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஏறும்போதெல்லாம் அவர் சீட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வேன், இறங்கும்போது அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் தள்ளுவார். அவர் நல்ல உயரம். இப்போது சீட் அவர் அளவில் இருந்தது. நான் நுனியில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் எட்டியது. பிரேக் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, முதுகை வளைத்து, கால் கட்டைவிரலால் பிரேக்கைத் தொட்டேன். சீட்டில் கை வைக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"பிரேக்கைப் புடிச்சுக்கோங்க அக்கா, கல்லை எடுக்கறோம்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். குழவியை எடுத்தால் வண்டி இறக்கத்தில் பின்னால் ஓடிவிடும். கட்டைவிரலால் அழுத்தினேன். வழுக்கியது. மறுபடியும் அழுத்தினேன்.

ஜன்னலில் தட்டும் சத்தம். மாமி நின்றார். கண்ணாடியை இறக்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். சீட்டின் நுனியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் காலியாக இருந்த பாதிச் சீட்டைப் பார்த்தார்.

"சீட்டை முன்னால இழுத்துக்கோ கண்ணு" என்றார். "கால் எட்டாம எப்பிடிப் புடிப்பே?"

"வேண்டாம் மாமி. அவரு வெச்சது."

"தெரியும். இழுத்துக்கோ."

சீட்டுக்கு அடியில் கைவிட்டு அந்தக் கம்பியைத் தூக்கினேன். கடக்கென்று விட்டது. சீட் என்னைச் சுமந்துகொண்டு முன்னால் வந்தது. எனக்குப் பின்னால் அவருக்கென்று இருந்த இடம் இல்லாமல் போனது. பாதம் முழுசாகப் பிரேக்கில் பதிந்தது. படத்தில் வண்டி முழுவதையும் எடுத்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு சாண் இழுத்ததும் எங்கிருந்தோ அழுகைச் சத்தம் கேட்டது, அது என் சத்தம்தான் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

பின்கண்ணாடியில் பார்த்தேன். அதுவும் அவர் திருப்பிவைத்த கோணம், எனக்குப் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியில் மாமி குனிந்து, யாரையும் தொடவிடாமல், குழவியை இரண்டு கையாலும் எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டேன்" என்று குரல் கொடுத்தார். "நீ மெதுவா விடு."